உஷார்! தாலி கட்டும் நொடியில் ஃபிரேம் எங்கே போகிறது?

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், ரீல்ஸ் போட்டுத் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டியவர்கள், பெரிய வீடியோவிலிருந்து தாங்களே ஸ்டேட்டஸுக்கு வெட்டிக்கொள்பவர்கள், எல்லோரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். படுக்கைவாட்டில் எடுத்த வீடியோவை ஒரே பொத்தானில் நெட்டுவாட்டுக்கு மாற்றும் ஆட்டோ ரீஃபிரேம் வசதியை நம்பி, முழுவதும் பார்க்காமல் அனுப்பிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், ரீல் கைக்கு வந்துவிட்டது என்று மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள். இரண்டாவது தவறைச் செய்தவர்களுக்கு மீட்சியே கிடையாது. முதல் தவறை நான் செய்தேன்.

போன தை மாதத்தில் ஒரு முகூர்த்தம். அறுபது வினாடி ரீல், மதியச் சாப்பாடு முடிவதற்குள் குடும்பக் குழுவில் போட்டுவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மெயின் கேமராவில் எடுத்ததை டைம்லைனில் அடுக்கி, பாட்டு வைத்து, ஆட்டோ ரீஃபிரேமை ஓடவிட்டேன். முதல் பத்து வினாடியும் கடைசிப் பத்து வினாடியும் பார்த்தேன். பெண் நடுவில் அழகாக இருந்தாள். அனுப்பிவிட்டேன். அரைமணி கழித்துப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார்.

“தம்பி, எல்லாம் நல்லாருக்கு. ஆனா தாலி கட்டுனது எங்க?”

ஓட்டிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, ஃபிரேமின் நட்டநடுவில் பின்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறான் ஒரு பையன். மாப்பிள்ளையின் முழங்கை மட்டும் இடது ஓரத்தில் தெரிகிறது. தாலி இல்லை. நாத்தனார் இல்லை. பெண் இல்லை. இது கிட்டத்தட்ட ஒன்பது வினாடி. அதற்குப் பிறகு ஃபிரேம் தானாகவே பெண்ணிடம் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் முன்னும் பின்னும் பார்த்த என் கண்ணுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை.

இது ஏதோ ஒருமுறை நடந்த கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், தாலி கட்டும் நேரத்தில் இப்படி நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். சாதாரண ஹெச்.டி. வீடியோ 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். நெட்டுவாட்டு ரீல் 9:16. முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு அந்த விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் அகலம் 607.5 புள்ளி. வீடியோவுக்கு இரட்டைப்படை எண் வேண்டும் என்பதால் 608 என்று வைத்துக்கொள்கிறோம். 1920-இல் 608 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 68 சதவீதம் குப்பைக்குப் போகிறது. ஆட்டோ ரீஃபிரேம் செய்வதெல்லாம், இந்த 608 புள்ளி ஜன்னலை ஒவ்வொரு நொடியும் எங்கே நிறுத்துவது என்று ஊகிப்பதுதான். ஊகம் சரியாக இருந்தால் படம் கிடைக்கும். தப்பினால் அந்த நொடியே அந்த வீடியோவில் இருக்காது.

அடோபி பிரீமியர் ப்ரோவில் இந்த வசதி 2019-இல் வந்தது. ஃபைனல் கட் ப்ரோவில் ஸ்மார்ட் கன்ஃபார்ம், டாவின்சி ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் ஸ்மார்ட் ரீஃபிரேம் என்று பெயர்கள் வேறு. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் திறந்து காட்டுவதில்லை. ஆனால் கூகுள் 2020 பிப்ரவரியில் ஆட்டோஃபிளிப் என்ற பெயரில் இதே வேலைக்கான நிரலைப் பொதுவில் வெளியிட்டு, அதன் படிகளையும் விளக்கியது. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தடுமாறும் இடங்களையும் ஊகித்துவிடலாம்.

மூன்று படிகள். முதலில் வீடியோவில் ஷாட் எங்கே மாறுகிறது என்று தேடும். அடுத்தடுத்த ஃபிரேம்களின் நிறப் பரவல் திடீரென்று மாறினால் அங்கே ஒரு கட் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவதாக, ஒவ்வொரு ஷாட்டுக்குள்ளும் முகங்கள், ஆட்கள், பொருட்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து எது முக்கியம் என்று எடை போடும். மூன்றாவதாக, அந்த ஷாட் முழுவதும் ஜன்னலை அசையாமல் நிறுத்துவதா, ஒரே சீராக நகர்த்துவதா, ஆளைப் பின்தொடர்வதா என்று முடிவெடுக்கும். கட்டாயம் இருக்க வேண்டியவை ஜன்னலுக்குள் அடங்கவில்லை என்றால் வெட்டாமல் மேலும் கீழும் பட்டை விட்டுவிடவும் அதற்குத் தெரியும்.

இப்போது மணவறைக்கு வாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் பெண் என்ன செய்கிறாள்? தலை குனிந்திருக்கிறாள். நெற்றிச்சுட்டியும் தலைவகிடும் கேமராவைப் பார்க்கின்றன, முகம் மடியைப் பார்க்கிறது. மாப்பிள்ளை அவள் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய்க் குனிந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் மாலை தாடைவரை ஏறி நிற்கிறது. மற்ற இரண்டு முடிச்சையும் போட நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால் குனிகிறாள். முக்கியமான மூன்று பேருக்கும் அந்த நொடியில் கருவி அடையாளம் காணக்கூடிய முகம் இல்லை. அதே நொடியில், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறார்கள். கேமராக்காரரின் எல்.இ.டி. விளக்கு பின்வரிசை முகங்களில் பளிச்சென்று விழுகிறது. முகத்தைத் தேடும் கருவி யாரிடம் போகும்?

அந்தக் கிளிப்பை நான் பிறகு வினாடி வினாடியாக எடுத்துப் பார்த்தேன். நான்காவது வினாடியில் பெண் நிமிர்ந்து ஐயரைப் பார்க்கிறாள், ஜன்னல் அவள்மேல் சரியாக நிற்கிறது. ஆறாவது வினாடியில் குனிகிறாள். முகம் தொலைந்ததும் ஜன்னல் மெல்ல வலப்பக்கம் நழுவத் தொடங்குகிறது. எட்டில் பையனிடம் போய்ச் சேர்கிறது. ஒன்பதில் தாலி ஏறுகிறது. பதினேழில் பெண் நிமிர்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு அவள் ஞாபகம் வருகிறது. முழுப் படத்தின் இடது ஓரத்திலிருந்து எண்ணினால் பெண் இருந்தது 760-ஆவது புள்ளியில், பையன் 1500-இல். பையனை நடுவில் வைக்க ஜன்னல் 1196-இலிருந்து 1804 வரை எடுத்துக்கொண்டது. பெண் அதற்கு 400 புள்ளிக்கு மேல் வெளியே.

இங்கே இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. ஃபோட்டோகிராஃபரின் ஃபிளாஷ். தாலி கட்டும் நேரத்தில்தான் ஃபிளாஷ் மழையாகக் கொட்டும். ஒவ்வொரு ஃபிளாஷும் ஓரிரு ஃபிரேமை வெள்ளையாக்கிவிடுகிறது. நிறப் பரவல் சட்டென்று மாறுவதைக் கட் என்று எடுத்துக்கொள்ளும் கருவிக்கு அது புது ஷாட். புது ஷாட் என்றால் பழையதை மறந்துவிட்டு யார் முக்கியம் என்று மறுபடியும் முதலிலிருந்து தேடும். அப்போது பெண் குனிந்தே இருக்கிறாள். அதனால் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் ஜன்னல் வேறொரு முகத்துக்குத் தாவலாம். என் கிளிப்பில் பத்தாவது, பதின்மூன்றாவது வினாடிகளில் ஜன்னல் சிறிதாகக் குதித்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இது நடக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கலாம். ஒரே ஓட்டமாக எடுத்த கிளிப்பை, அதாவது நடுவில் கட்டே இல்லாத ஒன்றை, எஃப்.எஃப்.எம்பெக்கில் இப்படி ஓட்டுங்கள்.

```
ffmpeg -i muhurtham.mp4 -vf "select='gt(scene,0.3)',showinfo" -f null -
```

கட் இல்லாத கிளிப்பில் இது எதையும் காட்டக் கூடாது. `pts_time` என்று நேரங்கள் வரிசையாக வந்தால், அந்தந்த இடத்தில் ஃபிளாஷ் அடித்திருக்கிறது, அங்கே கருவி ஏமாறக்கூடும் என்று அர்த்தம். 0.3 என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. விளக்கு அதிகமான மண்டபத்தில் ஃபிளாஷின் தாக்கம் குறையும், அப்போது 0.2-க்கு இறக்கிப் பாருங்கள். வந்த நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ரீலில் அந்த இடங்களைக் கட்டாயம் கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் எடிட்டிங் மென்பொருள் வேறு முறையில் கட்டைத் தேடலாம் என்பதால் இது எச்சரிக்கை மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. டிசால்வ் போட்டு இரண்டு ஷாட்டைக் கரைத்து இணைத்திருந்தால், மாற்றம் மெதுவாக நடப்பதால் கருவி கட்டைக் கவனிக்காமல் போகலாம். அப்போது நாதஸ்வரக்காரரிடம் இருந்த ஜன்னல், அடுத்த ஷாட்டின் மாமியாரிடம் போய்ச் சேர நடுவில் வெற்றுத் திரைச்சீலைமேல் ஊர்ந்து போகும். இதற்கு வழி எளிது. டிசால்வ் எதுவும் போடாமல் முதலில் ரீஃபிரேம் செய்யுங்கள், சரிபாருங்கள், டிசால்வைக் கடைசியில் போடுங்கள்.

சரி, தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் ஏமாந்தது இங்கேதான். வெட்டிய வீடியோவை மட்டும் தனியாகப் பார்த்தால் தப்பு தெரியாது. நடுவில் ஒரு முகம் இருக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும், ஃபிரேம் ஒழுங்காக இருக்கும். அந்தப் பையன் இருந்த ஒன்பது வினாடியும் தனியாகப் பார்த்தால் நல்ல ஃபிரேம்தான்! வெளியே என்ன விடுபட்டது என்பதை வெட்டிய படம் ஒருபோதும் சொல்லாது. ஆகவே முழுப்படமும் வெட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் ஒரே டைம்லைனில் அடுக்கிப் பார்க்கலாம். அல்லது இரண்டையும் ஒரே நீளத்தில் வெளியே எடுத்து இப்படி ஒட்டிக்கொள்ளலாம்.

```
ffmpeg -i muzhu.mp4 -i reel.mp4 -filter_complex "[0:v]scale=-2:960[a];[1:v]scale=-2:960[b];[a][b]hstack" sodhanai.mp4
```

இடப்பக்கம் முழுப்படம், வலப்பக்கம் ரீல். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், இது முக்கியம். கெட்டிமேளச் சத்தம் கேட்டால் தாலி கட்டுகிறார்கள் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும், கண் சோதிப்பதை விட்டுவிடும். இடப்பக்கத்தில் உங்கள் கண் எங்கே போகிறதோ அது வலப்பக்கத்தில் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். அறுபது வினாடி ரீலுக்கு அறுபது வினாடிதான் ஆகும். சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாகிறது என்று அந்த அறுபது வினாடியைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

பார்க்கும்போது எங்கெல்லாம் நிறுத்தி நிதானிக்க வேண்டும் என்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. ஒவ்வொரு ஷாட்டின் முதல் அரை வினாடி. அங்கேதான் கருவி ஆளைத் தேடி முடிவெடுக்கிறது, தப்பான முடிவின் விளைவு கடைசிவரை நீளும். யாராவது குனிகிற, திரும்புகிற, கையால் முகத்தை மறைக்கிற எல்லா இடமும். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும்போது இதே கதைதான், விழுபவரை விட்டுவிட்டு ஜன்னல் நிற்பவர்களிடம் போய்விடும். பாதபூஜை, மெட்டி போடுவது, அம்மி மிதிப்பது எல்லாவற்றிலும் காரியம் நடப்பது காலில், முகங்கள் இருப்பது மேலே. கருவிக்குச் சடங்கு தெரியாது. நெட்டுவாட்டில் முழு உயரமும் இருப்பதால் கால் பெரும்பாலும் ஃபிரேமுக்குள் தங்கிவிடும், ஆனால் ஜன்னல் பக்கவாட்டில் வேறு ஆளிடம் போனால் அதுவும் போச்சு.

ஜன்னலின் வேகத்தையும் பாருங்கள். ஒரே ஷாட்டுக்குள் ஒரு வினாடியில் தன் அகலத்தில் கால்வாசிக்கு மேல், அதாவது 150 புள்ளிக்கு மேல் ஜன்னல் நகர்ந்தால் நான் சந்தேகப்படுகிறேன். இது என் கைக்கணக்கு, எந்த விதியும் இல்லை. மணவறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வளவு வேகமாக நகர மாட்டார்கள். நகர்ந்தது ஆளில்லை என்றால் ஆள் மாறிவிட்டது என்றுதான் பொருள். ஊர்வலம், வரவேற்பில் ஆட்டம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

இங்கே ‘ஆளை நடுவில் வை’ என்ற ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆள் எப்போதும் மிகச் சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்று கருவியை முடுக்கினால், அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் மண்டபமே ஆடும். பின்னால் இருக்கும் வாழைமரமும் தோரணமும் இடமும் வலமுமாக ஊசலாடும், பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். பிரீமியரில் ஆட்டோ ரீஃபிரேம் தரும் `Slower Motion`, `Default`, `Faster Motion` மூன்றில், உட்கார்ந்து நடக்கும் சடங்குக்கு முதலாவதுதான் பொருந்தும். ஆள் ஜன்னலின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை ஜன்னல் அசையவே வேண்டாம். அதைத் தாண்டினால் மெல்ல நகரட்டும். `Faster Motion` வரவேற்பு மேடையில் ஆடும் தோழர்களுக்கு.

நடுவில் வைக்கவே முடியாத இடமும் உண்டு. படத்தின் இடது ஓரத்தில் 150-ஆவது புள்ளியில் ஒருவர் நின்றால், அவரை நடுவில் வைக்க ஜன்னல் பூஜ்யத்துக்கும் 154 புள்ளி இடப்பக்கம் போக வேண்டும். அங்கே படமே இல்லை. ஆகவே ஜன்னல் ஓரத்தில் முட்டி நிற்கும், ஆள் ஒரு பக்கமாகவே தெரிவார். கையால் இடத்தை மாற்றும்போது இதை மறந்து இழுத்தால், ரீலின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். வெள்ளைப் பின்னணி உள்ள போனில் பார்த்தால்தான் அது பளிச்சென்று தெரியும்.

இனி என் கிளிப்பைத் திருத்திய கதை. ஜன்னலைக் கையால் பெண்மேல் பூட்டிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். பிரீமியரில் அந்த எஃபெக்ட் உருவாக்கிய பாதையை நீங்களே மாற்ற `Overwrite Generated Path` என்று ஒரு பெட்டி இருக்கிறது. ரிசால்வில் `Object of Interest` என்ற இடத்தில் தானியங்கியை விட்டு `Reference Point` எடுத்து, யாரைத் தொடர வேண்டும் என்று நீங்களே காட்டலாம். பெண்ணின் மாலைமேல் பூட்டினேன். பெண் வந்தாள், மாப்பிள்ளையின் கையும் தாலியும் வந்தன. ஆனால் நாத்தனார் பாதிதான் வந்தார். பெண்ணின் தலையின் இடது விளிம்பிலிருந்து நாத்தனாரின் தலையின் வலது விளிம்புவரை அளந்தால் 680 புள்ளி. ஜன்னலோ 608. எந்தக் கருவி வந்தாலும், எவ்வளவு புத்திசாலித்தனமாக நகர்த்தினாலும் 680 புள்ளி 608-க்குள் போகாது.

இப்படிப்பட்ட இடத்தில் 9:16-க்கு வெட்டும் பிடிவாதத்தை விட்டுவிட வேண்டும். 4:5 விகிதத்தில் வெட்டினேன். 1080 உயரத்துக்கு அதன் அகலம் 864 புள்ளி, மூன்று பேரும் மூச்சு விட இடத்தோடு அடங்கினார்கள். அதை 1080 அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 1350 ஆகிறது. ரீலின் உயரம் 1920. மிச்சம் 570, மேலே 285, கீழே 285 என்று பிரித்து, அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பினேன். மங்கலான பட்டை சிலருக்குப் பிடிக்காது, அரக்குச் சிவப்பில் ஒரே நிறமாக விட்டாலும் நன்றாக இருக்கும். பட்டை இருப்பது குறை என்று வாடிக்கையாளர் சொன்னால், எதிரில் உட்கார வைத்து இரண்டையும் காட்டிவிடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. ரீலின் அடிப்பகுதியில் பெயரும் தலைப்பும், வலது ஓரத்தில் லைக் பொத்தான்களும் வந்து மறைக்கும். முழு 9:16-இல் தாலி இருக்கும் மார்பளவு இடம் பல சமயம் சரியாக அந்தத் தலைப்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. பட்டை விட்டால் தலைப்பு பெரும்பாலும் பட்டைமேலேயே விழும்.

மூன்று பேரில் யாரோ ஒருவரை விடத்தான் வேண்டும் என்றால், யாரை விடுவது என்பதை வீட்டார் சொல்ல வேண்டும். நானும் சொல்லக் கூடாது, மென்பொருளும் சொல்லக் கூடாது. எது கவனத்துக்குரியது என்று எந்திரம் எடை போடுவதில் சாய்வு வரும் என்பது ஏற்கெனவே வெளிப்பட்ட விஷயம். டிவிட்டர் நிறுவனம் தன் தளத்தில் படங்களைத் தானாக வெட்டிக் காட்டிய நிரலைத் தானே சோதித்து, 2021 மே மாதத்தில் முடிவை வெளியிட்டது. ஆண்களைவிடப் பெண்களையும், கறுப்பினத்தவரைவிட வெள்ளையரையும் அது சற்றே அதிகம் தேர்ந்தெடுத்தது தெரிந்தது. கடைசியில் போனில் படங்களை வெட்டாமல் முழுதாகக் காட்டும் வழிக்குப் போனார்கள். அது நின்ற படத்துக்கான நிரல், நாம் பயன்படுத்துவது வேறு. ஆனாலும் அடர்ந்த நிறமுள்ள முகம் நிழலிலும், வெளிர்ந்த நிறமுள்ள முகம் விளக்கிலும் இருக்கும் ஃபிரேம்களை நான் இப்போது இருமுறை பார்க்கிறேன்.

கல்யாணத்தை விட்டு வெளியே வந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. அறிவிப்பு வீடியோவின் ஓரத்தில் சிறு கட்டத்துக்குள் ஒருவர் சைகை மொழியில் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் பேசுபவரின் முகம் பெரிது, கட்டத்தில் இருப்பவரின் முகம் சிறிது. ஆட்டோ ரீஃபிரேம் பெரிய முகத்தை எடுத்துக்கொண்டு கட்டத்தை வெட்டி எறிந்துவிடும். காது கேளாதவர்களுக்கு அந்த வீடியோவில் அதன்பின் ஒன்றுமே மிஞ்சாது. எழுத்தும் அப்படித்தான். மூல வீடியோவிலேயே பதிந்துவிட்ட ‘தை 28, வியாழன்’ என்ற வரி இடப்பக்கம் வெட்டுப்பட்டால் ‘8, வியாழன்’ என்று நிற்கும். தேதி மாறினாலும் வரி முழுமையானது போலவே தெரியும் என்பதுதான் பயம். எழுத்தும் கட்டமும் இல்லாத சுத்தமான பிரதியை ரீஃபிரேம் செய்துவிட்டு, நெட்டுவாட்டுக்குத் தனியாக எழுத்து போடுங்கள், சைகை மொழிக் கட்டத்தைத் தனி அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான பிரதி கிடைக்கவில்லை என்றால் அந்த வீடியோவை வெட்டவே வேண்டாம், பட்டையோடு முழுதாகப் போடுங்கள்.

கேமராக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகூர்த்தத்தை மட்டுமாவது 4கே-யில் எடுங்கள். ஹெச்.டி.யில் வெட்டிய 608 புள்ளியை ரீலுக்காக 1080-க்கு இழுக்க, கிட்டத்தட்ட 1.8 மடங்கு பெரிதாக்க வேண்டும். பட்டுப்புடவையின் ஜரிகை குழைந்து போவது அதனால்தான். 3840-க்கு 2160 அளவில் எடுத்தால் ஜன்னலின் அகலமே 1215 புள்ளி வருகிறது, இழுக்கத் தேவையில்லை. ஆனால் 4கே தெளிவைத் தருமே தவிர இடத்தைத் தராது. மூன்றில் இரண்டு பங்கு போவது போகத்தான் செய்யும். இரண்டாவது கேமராவை நெட்டுவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தி, பெண்ணின் கழுத்தை நோக்கிப் பூட்டிவிட்டால் ரீஃபிரேமே வேண்டாம். முகூர்த்த நேரத்தில் அந்தக் கேமராவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டாவது தவறுக்கு வருகிறேன். என் பக்கத்து ஸ்டுடியோவில் இதே மாதிரி ஒரு ரீல் போனது. ‘நெட்டுவாட்டு போதும், பெரிய வீடியோ யார் பார்க்கிறார்கள்’ என்று வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். இடம் போதவில்லை என்று ஹார்டு டிஸ்கிலிருந்த மூலத்தை அழித்தார்கள், மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மட் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் பெண்ணின் தாத்தா அந்த ரீலில் எங்கேயும் இல்லை என்று கவனித்தார்கள். அவர் மணவறையின் இடது ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். ஜன்னல் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. அதற்குள் அவர் காலமாகியிருந்தார். வெட்டிய வீடியோவிலிருந்து வெளியே இருந்ததை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. அங்கே பதிவே இல்லை.

ஆகவே, வீடியோவுக்குப் பணம் கட்டும்போதே மூல வீடியோவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ரீல் எத்தனை வந்தாலும், எடுத்த கிளிப்புகள் வெட்டாமல் படுக்கைவாட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் கைக்கு வந்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

என் விஷயத்தில் மூலம் இருந்தது. அன்று சாயங்காலமே திருத்தியதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போனேன். பெண்ணின் அம்மா போனை வாங்கி, சத்தம் இல்லாமலே பார்த்தார். பிறகு திரும்பி, “இங்க வாங்க, முடிச்சு போடுறது நீங்கதான்” என்று நாத்தனாரைக் கூப்பிட்டார்.